சாய்ந்த கோட்டின் கணக்கு

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் புதுச்சத்திரம் பக்கம் சாலையோரப் புளியமரத்தடியில் இருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், அவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மடியில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட தாள், கையில் பந்துமுனைப் பேனா. ஒரு லாரி போனால் ஒரு கோடு. இன்னொரு லாரிக்கு இன்னொரு கோடு. நான்கு நேர்க்கோடுகள் விழுந்த பிறகு, ஐந்தாவது லாரிக்கு அந்த நான்கையும் வெட்டிக்கொண்டு ஒரு சாய்கோடு. பள்ளிப் பாடப்புத்தகம் 'நேர்க்கோட்டுக் குறிகள்' என்று சொல்லிக்கொடுக்கும் அதே சங்கதிதான். இதன் பெயர் போக்குவரத்துக் கணக்கெடுப்பு.

இந்தக் கோடுகள் எண்ணாக மாறும்போது நடப்பது என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது. கோடு போடுவது எளிது. அதைப் பிழையில்லாமல் படிப்பது அவ்வளவு எளிதல்ல.

இந்தியச் சாலைகளில் இந்த வேலைக்கு ஒரு விதிநூல் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1972-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 9. நகருக்கு வெளியே உள்ள சாலைகளில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது எண்ண வேண்டும், ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள், நாளுக்கு 24 மணி நேரமும் எண்ண வேண்டும் என்பது அதன் பொது விதி. ஒரு முறை அறுவடையும் சந்தையும் சூடுபிடித்திருக்கும் பருவத்தில், இன்னொரு முறை மந்தமான பருவத்தில். சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கல்ல. மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டும் நாட்களிலும், சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு போகும் நாட்களிலும் தாளில் சில பத்திகள் நிரம்பி வழியும். மற்ற நாட்களில் அதே பத்திகள் வெறிச்சென்று கிடக்கும். ஆலை அரவை இல்லாத வாரத்தில் மட்டும் எண்ணிவிட்டு, இந்தச் சாலையில் டிராக்டரே வராது என்று முடிவுகட்டினால் அது சாலையின் மேல் உள்ள தப்பல்ல.

அந்த விதிநூல் கோடு போடும் முறையையும் சொல்லிவைத்திருக்கிறது: நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது சாய்கோடு. ஏன் நேரடியாக எண்ணை எழுதக்கூடாது? எழுதினால் ஒவ்வொரு வண்டிக்கும் பழைய எண்ணை அடித்துப் புதியதைப் போட வேண்டும். 17-ஐ அடித்து 18. அதற்குள் இரண்டு பைக் பறந்திருக்கும். கோட்டுக்கு அழிப்பு கிடையாது, மனக்கணக்கு கிடையாது. கண் சாலையில் இருக்கும்போதே கை தன் வேலையைச் செய்துவிடும். இத்தனை வண்டி என்பதை நினைவில் வைக்கும் சுமை முழுவதும் தாளுக்குப் போய்விடுகிறது.

சரி, ஏன் ஐந்து? இதற்கு ஒரு பழைய சோதனை விடை வைத்திருக்கிறது. பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1871-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கறுப்பு பீன்ஸ் விதைகளைக் கையில் அள்ளி ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியை நோக்கி எறிவது, பெட்டிக்குள் விழுந்தவை எத்தனை என்று ஒரே பார்வையில் சொல்வது, பிறகு எண்ணிச் சரிபார்ப்பது. ஆயிரம் தடவைக்கு மேல் இப்படி விளையாடினார். மூன்று, நான்கு விதைகள் விழுந்தபோது அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஐந்தில் பிழை எட்டிப்பார்த்தது. எண்ணிக்கை ஏற ஏறப் பிழையும் ஏறியது. நான்கு வரை மனிதக் கண் எண்ணுவதில்லை, பார்த்ததும் தெரிந்துகொள்கிறது. அதற்கு மேல் எண்ணித்தான் ஆக வேண்டும்.

நான்கு நேர்க்கோடு அந்த எல்லைக்குள் நிற்கிறது. ஐந்தாவது கோடு சாய்ந்து விழுந்ததும் மொத்தமும் ஒரே உருவமாக, ஒரு கட்டாக மாறிவிடுகிறது. கட்டுகளை ஐந்தைந்தாக எண்ணிக்கொண்டு போகலாம்.

ஆனால் இதே வடிவத்தில் ஒரு பலவீனமும் உண்டு. மூன்று கோட்டின் மேல் சாய்கோடு போட்டாலும், நான்கின் மேல் போட்டாலும், ஐந்தின் மேல் போட்டாலும் மூன்றும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். படிப்பவர் கட்டைப் பார்க்கிறாரே தவிர, உள்ளே இருக்கும் கோடுகளைப் பார்ப்பதில்லை. புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977-இல் வந்த தம் நூலில் இந்தக் காரணத்துக்காகவே இந்த வேலிக் கோட்டை விட்டுவிட்டு வேறொன்றைப் பரிந்துரைத்தார். முதலில் சதுரத்தின் நான்கு மூலைகளுக்கு நான்கு புள்ளி, பிறகு நான்கு பக்கங்கள், கடைசியில் இரண்டு மூலைவிட்டங்கள். ஒரு பெட்டி முடிந்தால் பத்து. சீனாவிலும் ஜப்பானிலும் 正 என்ற எழுத்தின் ஐந்து கோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணுகிறார்கள். இரண்டிலும் ஒவ்வொரு கோட்டுக்கும் தனக்கென்று ஓர் இடம் உண்டு. ஒன்று விடுபட்டால் உருவம் கோணலாகிக் காட்டிக்கொடுத்துவிடும். நம்முடைய வேலிக் கோட்டில் அந்தக் காட்டிக்கொடுக்கும் குணம் குறைவு. அதற்காக நாமக்கல் சாலையோரத்தில் டூக்கியின் பெட்டியை யாரும் வரையப் போவதில்லை. கை பழகியது பழகியதுதான். ஆகவே பிழையைப் பிடிக்கும் பொறுப்பு கோடு போடுபவரிடமிருந்து கோட்டைப் படிப்பவருக்கு வந்துசேர்கிறது.

ஒரு மாதிரித் தாளை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் திசை, காலை 8 முதல் 9 வரை. (எதிர்த் திசைக்குத் தனித் தாள், தனி ஆள்.) மணி நேரத்தை நான்கு கால்மணிகளாகப் பிரித்து நான்கு வரிசை. இடம் கருதி நான்கு பத்திகள் மட்டும்: இருசக்கர வண்டி, கார், பஸ், லாரி. உண்மையான தாளில் இன்னும் பல பத்திகள் இருக்கும்.

முதல் கால்மணியில் இருசக்கர வண்டிக் கட்டத்தில் 11 கட்டும் 3 தனிக்கோடும் இருக்கின்றன. 58. கார் 9 கட்டு, 2 தனி, 47. பஸ் ஒரு கட்டு, ஒரு தனி, 6. லாரி 5 கட்டு, 4 தனி, 29. இங்கே ஒரு தொழில் நுணுக்கம். கணினியில் ஏற்றுபவர் மனத்துக்குள் பெருக்கி 58 என்று தட்டக் கூடாது. கட்டு ஒரு பத்தியில், மிச்சம் இன்னொரு பத்தியில் என்று 11, 3 என்றே தட்ட வேண்டும். பெருக்கலை `=5*B2+C2` என்ற வாய்பாடு பார்த்துக்கொள்ளும். இதனால் மனக்கணக்குப் பிழை ஒழிகிறது என்பது சின்ன லாபம். மிச்சங்கள் தனியாகச் சேமிக்கப்படுகின்றன என்பது பெரிய லாபம். அவை பின்னால் உதவும்.

நான்கு கால்மணிகளும் முடிந்ததும் இப்படி வருகிறது. இருசக்கர வண்டி 58, 65, 62, 54. கார் 47, 51, 49, 43. பஸ் 6, 8, 5, 7. லாரி 29, 30, 26, 32. பத்தி பத்தியாகக் கூட்டினால் 239, 190, 26, 117. மொத்தம் 572. வரிசை வரிசையாகக் கூட்டினால் 140, 154, 142, 136. இதன் மொத்தமும் 572. மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் கூட்டி இரண்டும் ஒரே மூலையில் சந்திக்கிறதா என்று பார்ப்பது மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளைக்கும் தெரிந்த வித்தைதான்.

சந்திக்காதபோதுதான் கதை சுவையாகிறது. ஏனென்றால் கோட்டுக் கணக்கில் பிழைகள் கண்டபடி வருவதில்லை. வித்தியாசத்தின் அளவே பெரும்பாலும் பிழை எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறது.

ஏற்றியவர் கட்டு, மிச்சம் என்று பிரிக்காமல் நேராக எண்ணையே தட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணியவர் தன் கைப்பட எழுதிய கார் மொத்தம் 190. கணினி 217 என்கிறது. வித்தியாசம் 27. இது ஒன்பதின் மடங்கு. இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். 27-ஐ ஒன்பதால் வகுத்தால் 3, அதாவது இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 3 வித்தியாசம். ஏற்றிய நான்கு எண்களையும் பார்த்தால் 74, 51, 49, 43. இலக்க வித்தியாசம் 3 உள்ளது 74 மட்டுமே. தாளைப் புரட்டிப் பார்த்தால் அங்கே 47. மொத்தத் தாளையும் மறுபடி எண்ணாமல் ஒரே கட்டத்துக்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

வித்தியாசம் 5 அல்லது 10 என்றால் இலக்கம் இடம் மாறவில்லை. யாரோ ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ விட்டிருக்கிறார்கள், அல்லது இரட்டிப்பாக எண்ணியிருக்கிறார்கள். கட்டம் நிரம்பியபின் எண்ணுபவர் கோட்டை அடுத்த வரிசைக்கு மேலேயோ ஓரத்திலோ போடுவார். படிப்பவர் கண் கட்டத்தின் விளிம்போடு நின்றுவிடும். முதலில் தேட வேண்டிய இடம் ஓரங்கள். வித்தியாசம் 1 என்றால் தனிக்கோட்டில் கோளாறு: நான்கை மூன்றாகப் பார்த்தது, அல்லது கட்டின் உள்ளே கோடு கூடவோ குறையவோ இருப்பது. இந்த அடையாளங்கள் சாட்சிகள்தான், தீர்ப்பு அல்ல. வித்தியாசம் 45 என்றால் அது ஒன்பது கட்டு விடுபட்டதாகவும் இருக்கலாம், 61-ஐ 16 என்று தட்டியதாகவும் இருக்கலாம்.

கட்டின் உள்ளே ஐந்து நேர்க்கோடு, மேலே ஒரு சாய்கோடு. இது ஐந்தா, ஆறா? மேற்பார்வையாளர்கள் பலர் யோசிக்காமல் ஐந்து என்று எடுத்துக்கொள்வார்கள். சில ஊரில் சிலர் கோடு போடும் பழக்கமே வேறு: ஐந்து வண்டிக்கு ஐந்து நேர்க்கோடு போட்டுவிட்டு, பிறகு கட்டைக் கட்டும் கயிறாகச் சாய்கோட்டைப் போடுவார்கள். அவர்களுக்குச் சாய்கோடு வண்டியே அல்ல. விதிப்படி எழுதுபவர் அவசரத்தில் ஒன்று கூடப் போட்டிருந்தால் அது ஆறு. ஒற்றைக் கட்டை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதே கையெழுத்தின் மற்ற கட்டுகளைப் பார்க்க வேண்டும். தாள் முழுக்க நான்கு நேர்க்கோடுகளாக இருந்து இது ஒன்று மட்டும் ஐந்தாக இருந்தால் ஆறு வண்டி. எல்லாக் கட்டிலும் ஐந்து இருந்தால் அவர் கயிறு கட்டுகிறவர். இதைக் கவனிக்காமல் கோடுகளை மட்டும் எண்ணினால் அந்த ஆளின் மொத்தத் தாளும் ஐந்துக்கு ஆறாக, இருபது சதவீதம் ஊதிவிடும்.

இனி அந்தத் தனியாகச் சேமித்த மிச்சங்கள். எண்ணிக்கை பெரிதாக உள்ள ஒரு பத்தியில் கட்டுபோக மீதம் 0, 1, 2, 3, 4 ஆகிய ஐந்தும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். 58 வண்டி போனதா 59 போனதா என்பதில் சாலைக்கு எந்த விருப்பமும் கிடையாது. ஒரு நாளுக்குக் கால்மணிக் கட்டங்கள் 96. ஆக ஒவ்வொரு மிச்சமும் சுமார் 19 முறை வரலாம், நான்கைந்து கூடக்குறைய. பூஜ்யம் மட்டும் 40 முறை வந்திருந்தால்? கட்டுகள் முழுமுழுக் கட்டாகவே நிற்கின்றன என்று பொருள். உண்மையில் எண்ணியிருந்தால் அப்படி அழகாக நிற்காது. விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொருகிப்போனவர், விழித்ததும் ஒரு மதிப்பாகக் கட்டு கட்டாக வரைந்து நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அல்லது கூட்டமாக வண்டிகள் வந்தபோது ஐந்தைந்தாக முழுமையாக்கியிருக்கலாம். நாம் பார்த்த மாதிரித் தாளின் 16 கட்டங்களில் பூஜ்ய மிச்சம் மூன்று. சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பஸ் பத்தி போல ஐந்து, ஆறு என்று சின்ன எண்கள் வரும் இடத்தில் இந்தச் சோதனை செல்லாது. 58 என்று மட்டும் தட்டி வைத்திருந்தால்கூட ஐந்தால் வகுத்து மிச்சத்தை எடுத்துவிடலாம். ஆனால் அப்போது பெருக்கலில் நேர்ந்த பிழையும் அதில் கலந்திருக்கும்.

எல்லாப் பத்திப் பிழையும் ஒரே எடையுள்ளதல்ல. எண்ணி முடித்ததும் வண்டிகள் 'கார் அலகாக' மாற்றப்படுகின்றன. சாலைப் பொறியாளர்கள் இதைப் பி.சி.யு. என்பார்கள். ஒரு வண்டி சாலையில் எத்தனை காரின் இடத்தை அடைக்கிறது என்பது கணக்கு. 1990-இல் வந்த ஐ.ஆர்.சி. 64 ஊரகச் சாலைகளுக்குக் கொடுத்த மதிப்பில் கார் 1, இருசக்கர வண்டி 0.5, பஸ்ஸும் லாரியும் 3. நம் மாதிரி மணியில் இருசக்கர வண்டிகள் 119.5, கார்கள் 190, பஸ்கள் 78, லாரிகள் 351. மொத்தம் 738.5 அலகு. வண்டித் தொகையில் ஐந்தில் ஒரு பங்குதான் லாரி. அலகில் ஏறக்குறைய பாதி. ஒரு கட்டை இருசக்கரப் பத்தியில் விட்டால் போவது 2.5 அலகு. அதே கட்டை லாரிப் பத்தியில் விட்டால் 15. மாட்டுவண்டிக்கு அதே அட்டவணை 8 தருகிறது. ஐந்து மாட்டுவண்டிக் கோடு 40 அலகு!

லாரிப் பத்திக்கு இன்னொரு அதிகாரமும் உண்டு. தார்ச்சாலையின் தடிமனைத் தீர்மானிக்கும்போது பைக்கையும் காரையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சுமையோடு 3 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள வணிக வண்டிகள் மட்டும்தான். அவற்றிலும் எத்தனை அச்சு என்பது முக்கியம். லாரித் தொழிலுக்கும் பாடி கட்டுவதற்கும் பெயர்போன நாமக்கல்லில் இந்தப் பத்தி எவ்வளவு சிக்கலானது என்பதைச் சாலையோரத்தில் உட்கார்ந்தால் புரியும். முட்டை வண்டி, கேஸ் டேங்கர், பன்னிரண்டு சக்கரம், பதினாலு சக்கரம், டிரெய்லர். திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்ட போர்வெல் ரிக் வண்டி ஒன்று வந்தால் புதிதாக வந்த பையன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கண்ணா, இத எதுலீங்க போடறது?" என்று கேட்பான். அண்ணன் அச்சை எண்ணச் சொல்வார். அது சரக்கு ஏற்றுவதில்லையே என்று பையன் யோசித்தால் அந்தக் கேள்வியும் நியாயமானதுதான், ஆனால் சாலைக்குத் தெரிவது அச்சின் எடை மட்டும். ராத்திரியில் முகப்பு விளக்கு கண்ணைக் கூச, மூன்று அச்சா நான்கு அச்சா என்பது கடந்துபோன பிறகு பின்புறத்தைப் பார்த்தால்தான் தெரியும். பத்தி மாறி விழுந்த இத்தகைய கோட்டை எந்தக் கூட்டலும் பிடிக்காது. மொத்தம் சரியாகவே இருக்கும்.

அதைப் பிடிக்க வெளியிலிருந்து ஓர் ஒப்பீடு வேண்டும். ஒன்று, இரு திசைத் தாள்கள். காலையில் சேலம் போன பஸ் இரவுக்குள் திரும்பியாக வேண்டும். 24 மணி நேரத்தில் இரு திசை பஸ் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாக வராவிட்டால் ஏதோ ஒரு ஷிஃப்டில் பஸ்கள் வேறு பத்திக்குப் போயிருக்கின்றன. இன்னொன்று, அதே சாலையின் சுங்கச்சாவடிக் கணக்கு. ராசம்பாளையம் சாவடி நாமக்கல்லுக்குத் தெற்கே இதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பீட்டில் எச்சரிக்கை தேவை. இருசக்கர வண்டிகள் சுங்கம் கட்டுவதில்லை. இடையில் திரும்பும் வண்டிகள் சாவடியைத் தொடுவதே இல்லை. பல அச்சு லாரிகளுக்கு மட்டும் ஓரளவு நம்பலாம்.

இதையெல்லாம் ஸ்கேனர் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். தாளைப் படமெடுத்து, கட்டங்களின் அச்சுக்கோடுகளை நீக்கி, மிச்ச மையை எண்ணச் சொல்லலாம். முதல் முயற்சியிலேயே ஒரு வேடிக்கை நடக்கும். கணினி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் மைப்பகுதியை ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளும். சாய்கோடு நான்கையும் ஒட்டவைத்துவிடுவதால் ஒரு கட்டு அதற்கு 'ஒன்று'. தனிக்கோடும் 'ஒன்று'. 11 கட்டும் 3 தனியும் 14 ஆகிவிடும். இதற்கு மாற்று வழி, கட்டத்தின் குறுக்கே பல உயரங்களில் கிடைமட்டமாக ஒரு பார்வைக் கோட்டை ஓட்டி, வெள்ளையிலிருந்து கறுப்புக்கு எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுவது. ஒழுங்கான கட்டில் ஐந்து முறை மாறும். சாய்கோடு ஒரு நேர்க்கோட்டை வெட்டும் உயரத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகி நான்காகத் தெரியும். ஆகவே பல உயரங்களில் பார்த்து அதிகம் வரும் விடையை எடுத்துக்கொள்ள வேண்டும். கயிறு கட்டுகிறவரின் தாளில் இது ஆறு என்று சொல்லும், அதை ஐந்தாக்க ஒரு மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும். வீடியோ எடுத்து எண்ணும் முறையும் தானியங்கிக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்து எண்ணுபவரும் பல நேரம் தாளில் கோடுதான் போடுகிறார்.

கணினிக்கும் கண்ணுக்கும் பிடிபடாத ஒரு கட்டம் எப்படியும் மிஞ்சும். மார்கழிப் பனியில் தாள் நமுத்து, பேனா மை பிடிக்காமல் வெறும் கீறலாகப் போன விடியற்காலைக் கட்டம். அப்போது பழகிய மேற்பார்வையாளர் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் விரல்நுனியால் தடவிப் பார்ப்பார். பந்துமுனை அழுத்திய இடம் மேடாக இருக்கும். நான்கு மேடு, அவற்றைக் குறுக்கே வெட்டி ஒரு நீளமான மேடு.